பட்டியலில் ஏறாத பதினாறு உறைகள்

பள்ளி முதல்வர் எஸ்தர் டீச்சர் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதானாலும் முதலில் அதன் கடைசி வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். பிறகு மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, புள்ளி வரை போன பிறகுதான் பேனாவை எடுப்பார். கையெழுத்துப் போட்டதும் ரப்பரால் அந்தப் புள்ளியை அழித்துவிடுவார். மாற்றுச் சான்றிதழ் ஆனாலும், வேன் டிரைவரின் லீவு சீட்டு ஆனாலும் அதே முறைதான். பதினேழு வருஷமாக அந்த மேசையைத் துடைப்பவள் ஒச்சம்மாள். எத்தனை தாளில் கையெழுத்து விழுந்திருக்கிறது என்பதை மேசையில் கிடக்கும் ரப்பர் துகளைப் பார்த்தே அவள் சொல்லிவிடுவாள்.

வாடிப்பட்டிக்கு இந்தப் பக்கம், திண்டுக்கல் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த மெட்ரிக் பள்ளி. தாளாளர் நல்லகாமன், தன் தென்னந்தோப்பில் ஒரு பகுதியை அழித்துக் கட்டியது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒச்சம்மாள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆயா வேலைக்குத்தான் சேர்ந்தாள். பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்தவளை எஸ்தர் டீச்சர்தான் ஆபீசுக்குள் கொண்டுவந்தார். எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் என்பது அட்டை நிறத்தை வைத்தே அவளுக்குத் தெரியும். சேர்க்கைப் பதிவேடு சிவப்பு, மதிப்பெண் பதிவேடு பச்சை, சாமான் இருப்புப் பதிவேடு நீலம். ஆபீசில் அவள் பேசுவது குறைவு. கேட்டால் பதில், இல்லாவிட்டால் கதவோரம்.

ஆபீசில் எஸ்தர் டீச்சர் பழக்கிய ஒரு நோட்டும் உண்டு. ஆபீசை விட்டு எந்தப் பதிவேடு, எந்தக் கோப்பு வெளியே போனாலும் எடுத்துப்போகிறவர் பெயர், தேதி, பொருள் எழுதி அதில் கையெழுத்துப் போட வேண்டும். திரும்பி வந்ததும் ஒச்சம்மாள் அதன்மேல் ஒரு கோடு போடுவாள். அந்த நோட்டு அவள் பொறுப்பு. எழுத்துக் கூட்டி எழுதினாலும் ஒரு வரி விட்டதில்லை.

அலமாரிகளைத் தவிர ஆபீசில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. அதன் அடித்தட்டில் காக்கி உறைகள். பள்ளியில் சேரும் ஒவ்வொரு டீச்சரும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பி.எட். பட்டம் வரை அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் உறையில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். ரசீது கிடையாது. வேலையை விட்டுப் போகும்போதுதான் திரும்பக் கிடைக்கும், அதுவும் தாளாளர் சரி என்று சொன்னால். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பள்ளிகளில் இப்படித்தான் என்பதால் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

நல்லகாமன் கெட்டவர் இல்லை. செருப்பில்லாமல் வரும் பிள்ளையைக் கண்டால் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் பிடி தளர மாட்டார்.

"பாதி வருசத்துல கணக்கு டீச்சர் பையத் தூக்கிட்டுப் போயிருச்சுன்னா, பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது? நீயா சொல்லுவ? கவரு உள்ள இருந்தாத்தான் கால் வெளிய போகாது" என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தமிழ்ச்செல்வி என்று ஒரு அறிவியல் டீச்சர் இருந்தாள். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்திருந்தது. அசலைக் காட்டாவிட்டால் அந்த வேலை இல்லை. ஒரே ஒரு நாள் கொடுங்கள், சாயங்காலமே கொண்டுவந்து வைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள். "சார் தரச் சொல்லல, தமிழ்" என்று சொன்னது எஸ்தர் டீச்சர்தான். பீரோ சாவி அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. தமிழ்ச்செல்வி அந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டு நின்றதை ஒச்சம்மாள் கதவோரத்திலிருந்து பார்த்தாள். சரிபார்ப்புத் தேதி போனது. வேலையும் போனது. தமிழ்ச்செல்வி இப்போது மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.

அன்றைக்கு மேசையில் ரப்பர் துகளே இல்லை. எதிலும் கையெழுத்துப் போடாமல் வெறும் வாயால் நடந்த காரியம் அது.

இந்த ஜனவரியில் அதே அழைப்பு கணக்கு டீச்சர் சரண்யாதேவிக்கு வரும் என்று ஆகிவிட்டது. தேர்வு முடிவு வந்திருந்தது, சரிபார்ப்பு மே முதல் வாரத்தில் இருக்கும் என்று பேச்சு. சரண்யாதேவி ஆபீசில் வந்து சொன்னாள். எஸ்தர் டீச்சர், "சந்தோஷம்மா, பாப்போம்" என்று மட்டும் சொன்னார். குடியரசு தினக் கொடியேற்றம் முடிந்த மறுநாள் ஒச்சம்மாளைக் கூப்பிட்டு, "ஒச்சு, வெள்ளைத்தாள் ரெண்டு எடு" என்றார்.

கார்பன் வைக்காமல் இரண்டு தாளிலும் தனித்தனியாகவே எழுதினார். தாளாளர் அவர்களுக்கு, நியமன ஆணையில் கண்டபடி மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து முதல்வர் பதவியிலிருந்து விலகுகிறேன். ஏப்ரல் முப்பதாம் தேதி பிற்பகல் என்னை விடுவித்து, பொறுப்பை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுத்தில் தெரிவிக்கவும். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று இரண்டே சொல். புள்ளி வைத்தார், படித்தார், கையெழுத்துப் போட்டார், அழித்தார்.

"எதுக்கு டீச்சரம்மா ரெண்டு?" என்று ஒச்சம்மாள் கேட்டாள்.

"ஒண்ணு அவருக்கு. ஒண்ணுல, வாங்கிக்கிட்டேன்னு அவர் கையெழுத்துப் போட்டுத் தரணும். அது எனக்கு."

நல்லகாமன் போட்டுத் தரவில்லை. தாளை விரலால் தள்ளி வைத்தார்.

"என்ன டீச்சர், சம்பளமா? சொல்லுங்க, பாத்துக்கலாம். என் மகன் அழகுபாண்டி எதுவும் எடுத்தெறிஞ்சு பேசிட்டானா?"

"அதெல்லாம் இல்ல சார்."

"அப்ப இதைப் பைக்குள்ள வச்சிக்கங்க. பரீட்சை நேரத்துல பேசுற பேச்சா இது? நான் வாங்கல, நீங்க குடுக்கல."

எஸ்தர் டீச்சர் தாளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஒச்சம்மாள் கையில் ஓர் உறையைக் கொடுத்து வாடிப்பட்டித் தபால் நிலையத்துக்கு அனுப்பினார். "ஸ்பீடு போஸ்ட். வாங்கினவங்க கையெழுத்து நமக்குத் திரும்பி வரணும்னு கேட்டு அனுப்பு." பள்ளி மேசையிலிருந்து தாளாளர் வீட்டுக்கு நடந்தால் கால் மணி நேரம். அந்தக் கடிதம் தபாலில் போய், நாலு நாள் கழித்துச் சேர்ந்தது. வாங்கியவர் கையெழுத்தோடு ஒப்புகை திரும்பி வந்ததும் எஸ்தர் டீச்சர் அதைத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நல்லகாமன் ஆபீசுக்குள் வந்தாலும் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார். "டீச்சர் போனா பள்ளிக்கூடம் நின்னுறாது" என்று வேன் டிரைவரிடம் சொல்லுவார். அதே டிரைவரிடம் மறுநாள், "ஏன்டா, இவங்க எதுக்குப் போறாங்கன்னு உனக்கு எதுவும் தெரியுமா?" என்றும் கேட்பார். மார்ச் நடுவில் நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் போட்டது. விலகலை ஏற்றுக்கொள்கிறோம், துணை முதல்வர் மீனாவிடம் பொறுப்பை ஒப்படைக்கவும் என்று கடிதம் வந்தது.

மீனா எம்.எஸ்.சி., பி.எட்., பத்து வருஷம் பாடம் நடத்தியவள். வாய் கொஞ்சம் நீளம். முதல் நாளே, "மேடம், பொறுப்புன்னா நாற்காலியா, சாவியா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் இல்ல. லிஸ்ட்டு" என்றார் எஸ்தர் டீச்சர்.

ஏப்ரல் முழுக்கப் பரீட்சைக்கு நடுவில் அந்தப் பட்டியல் வேலை நடந்தது. ஒச்சம்மாள் ஒவ்வொரு பதிவேடாக இறக்கித் தூசி தட்டி வைப்பாள். மீனா எண்ணுவாள், எஸ்தர் டீச்சர் எழுதுவார். சேர்க்கைப் பதிவேடு ஏழு தொகுதி. ஏழாவதில் கடைசி சேர்க்கை எண்ணுக்குக் கீழே கோடு போட்டு, இது வரை என் காலம் என்று இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாற்றுச் சான்றிதழ் புத்தகத்தில் கிழிக்காத தாள் எத்தனை, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை. ஆசிரியர் வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, சோதனைக்கூடத்தில் உள்ள சாமான். அங்கீகார ஆணை, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, ஒவ்வொன்றும் எந்தத் தேதியோடு முடிகிறது என்பதோடு. முத்திரை மூன்று, சாவி இருபத்திரண்டு. கல்வித்துறை இணையதளத்துக்கான கடவுச்சொல் ஓர் உறையில். அதில் பதிந்திருந்தது எஸ்தர் டீச்சரின் போன் நம்பர் என்பதால் அதை மாற்றவே இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. எண் அவர் போனுக்கு வரும், மீனா கணினியில் அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

"இன்னும் ஒரு தடவை சுத்துச்சுன்னா இந்தக் கம்ப்யூட்டரையும் லிஸ்ட்ல 'பழுது'ன்னு எழுதிருவேன் மேடம்" என்றாள் மீனா.

கடைசியில் பீரோவைத் திறந்தார்கள். எஸ்தர் டீச்சர் அடித்தட்டிலிருந்த உறைகளை எடுத்து மேசையில் அடுக்கினார். பதினாறு. பதினாலு டீச்சர்களுடையது, ஒன்று மீனாவுடையது. எல்லாவற்றுக்கும் அடியில் நிறம் மங்கிப் போயிருந்த ஒன்றில் எஸ்தர் டீச்சரின் பெயர் இருந்தது.

"இதை என்ன பண்றது மேடம்?" மீனாவின் குரல் இறங்கியிருந்தது.

"பீரோவுல இருக்குல்ல? இருக்கறதை எழுதணும்." முப்பத்தொன்றாவது வரியாக எழுதினார்: ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்கள், காக்கி உறை, பதினாறு.

அன்று சாயங்காலம் சரண்யாதேவி ஆபீஸ் வாசலில் ஒச்சம்மாளைப் பிடித்துக்கொண்டாள். அழைப்பு வந்துவிட்டது, மே ஆறாம் தேதி. "யக்கா, டீச்சரம்மா எதுவும் சொன்னாங்களா?" தமிழ்ச்செல்வியும் இதே ஆபீசில்தான் வந்து நின்றாள். "லிஸ்ட்டுல எழுதியிருக்காக. அம்புட்டுத்தான் தெரியும்" என்றாள் ஒச்சம்மாள்.

ஏப்ரல் முப்பது. பிள்ளைகள் இல்லாத பள்ளி. டீச்சர்கள் விடைத்தாள் கட்டுகளோடு ஓய்வறையில் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு மணிக்கு நல்லகாமன் வந்து, மூன்று மாதத்தில் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டியல் மூன்று படி. ஒன்று போகிறவருக்கு, ஒன்று வருகிறவருக்கு, ஒன்று நிர்வாகத்துக்கு. முதல்வர் மாறியதை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தெரிவிக்கும்போது நிர்வாகத்தின் படியிலிருந்து ஒரு நகலும் போகும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவர் முப்பத்தொன்றில் நின்றார்.

"டீச்சர், என்ன இது?"

"பீரோவுல இருக்கு சார்."

"இருந்தா? இதைப் போயி எழுதுவாங்களா? அங்கீகாரம் புதுப்பிக்கப் போட்டிருக்கு. எதுக்கு அசலை வச்சிருக்கன்னு நாளைக்கு எவனாவது கேட்டா, எம் பேரு நாறிப் போகும்."

"எழுதாம நான் பொறுப்பு ஒப்படைக்க முடியாது சார்."

"நான் அடிச்சிக்கிறேன்." அவரே பேனாவை எடுத்து மூன்று படியிலும் அந்த வரியைக் குறுக்கே அடித்தார். அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் போட்டார். அந்த விஷயத்தில் முறை தெரிந்தவர். பட்டியலின் கடைசியில், மேற்கண்டவை தவிரப் பள்ளிக்குச் சேர வேண்டியது வேறு எதுவும் முன்னாள் முதல்வரிடம் இல்லை என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழேயும் கையெழுத்துப் போட்டார். "மீனா, நீ போடும்மா."

மீனா பேனாவை எடுக்கவில்லை. "சார், அந்தக் கவரெல்லாம்?"

"அது பாட்டுக்கு பீரோவுல கெடக்கட்டும்."

"லிஸ்ட்ல இல்லாததை நான் எப்படி சார் வச்சிக்கிறது? நாளைக்கு ஒண்ணு காணாமப் போச்சுன்னா அந்த டீச்சர் எங்கிட்டதான் வந்து நிப்பாங்க. மேடம் குடுத்ததுக்கும் எழுத்து இல்ல, நான் வாங்கினதுக்கும் எழுத்து இல்ல. எஞ் சர்டிபிகேட்டும் அதுக்குள்ளதான் சார் கெடக்கு."

"அடியாத்தீ, பொறுப்புக்கு வந்த அன்னைக்கே வாயப் பாரு" என்றார் நல்லகாமன். கோபமாகத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, எங்கிட்ட இருக்கட்டும். வீட்டுல பீரோ இருக்கு. ஏத்தா ஒச்சு, அந்தக் கட்டைத் தூக்கிட்டுப் போயி கார்ல வையி" என்றார்.

ஒச்சம்மாள் எஸ்தர் டீச்சரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வை என்றும் சொல்லவில்லை, வைக்காதே என்றும் சொல்லவில்லை. ஒச்சம்மாள் கட்டைத் தூக்கினாள். கனம் இல்லை. ஓய்வறைக் கதவு திறந்திருந்தது, சரண்யாதேவி விடைத்தாளைத் திருத்தாமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டு காருக்குப் போனால் மே ஆறாம் தேதி எப்படிப் போகும் என்று ஒச்சம்மாளுக்குத் தெரியும். கைப்பழக்கம் விடவில்லை. கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பித் தாளாளர் முன்னால் வைத்தாள்.

"என்னாத்தா இது?"

"வெளிய போறதுக்கு எழுதணும்யா." அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "பேரு, தேதி, எம்புட்டு உருப்படின்னு. அப்புறம் கையெழுத்து."

"எனக்கேவா?"

"போன வருசம் கட்டடச் சான்று கொண்டுபோகயில நீங்க போட்டிருக்கீகய்யா. அதுக்கு முந்தி ஆடிட்டருக்கு எடுத்துட்டுப் போகயிலயும் போட்டிருக்கீக." பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். அவருடைய கையெழுத்து ஐந்தாறு இடத்தில் இருந்தது, எல்லாவற்றின்மேலும் திரும்பி வந்ததற்கு அவள் போட்ட கோடு.

நல்லகாமன் நோட்டைப் பார்த்தார். பதினாறு உறை பெற்றுக்கொண்டேன் என்று எழுதினால், இப்போதுதான் அடித்த வரியைத் தன் கையாலேயே திரும்ப எழுதியது போல ஆகும். பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"டீச்சர், நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீங்க."

"நோட்டு அவ பொறுப்பு சார்" என்றார் எஸ்தர் டீச்சர்.

அவர் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். "பாதி வருசத்துல நாலு பேரு போவாங்க. அப்பப் பாத்தாத் தெரியும், நான் எதுக்குச் சொன்னேன்னு." அவர் சொல்வதும் பொய் இல்லை என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. உறைகள் ஒச்சம்மாள் இடுப்பில்தான் இருந்தன.

"மீனா, நீ இன்னும் கையெழுத்துப் போடல. போடுற வரைக்கும் இந்தப் பீரோ எம் பொறுப்பு. லிஸ்ட்ல இல்லாதது பள்ளிக்கூடத்துது இல்லன்னு சாரே கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றார் எஸ்தர் டீச்சர். "ஒச்சு, எல்லாரையும் ஒவ்வொருத்தரா வரச் சொல்லு."

அதே நோட்டில்தான் கொடுத்தார்கள். பெயர், தேதி, 'என் அசல் சான்றிதழ்கள் அனைத்தும் பெற்றுக்கொண்டேன்', கையெழுத்து. சரண்யாதேவி உறையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, பட்டம், பி.எட். பி.எட். பட்டத்தின் ஓரம் கொஞ்சம் பூச்சி அரித்திருந்தது. "எழுத்துல படல, பயப்படாத" என்றார் எஸ்தர் டீச்சர். அவள் அழுதாள். "இங்க அழுது தாளை நனைக்காத, வெளிய போயி அழு" என்று மீனா அவளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கடைசியாக எஸ்தர் டீச்சர் தன் உறையை எடுத்துக்கொண்டு நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

"தமிழ்ச்செல்விக்கும் இதே பீரோதான் ஒச்சு. அன்னைக்கும் சாவி எங்கிட்டதான் இருந்துச்சு."

ஆறுதல் சொல்வது பொய்யாகிவிடும் என்று ஒச்சம்மாளுக்குத் தோன்றியது. அடித்தட்டைத் துணியால் துடைத்தாள். அது காலியான பிறகு மீனா மூன்று படியிலும் கையெழுத்துப் போட்டாள். மணி நாலே கால். எஸ்தர் டீச்சர் விளாங்குடி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். சாலை வரை ஒச்சம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். "போயிட்டு வாரேன்" என்றார் அவர். பஸ் வந்தது, ஏறினார்.

சரண்யாதேவி மே ஆறாம் தேதி அசலோடு போய் வந்தாள். ஆகஸ்டில் சிவகங்கைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்துப் போனாள். ஜூனிலேயே வேறு இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் இல்லாமல் ஒன்றரை மாதம் மீனாவே நடத்தினாள். புதிதாகச் சேர்கிறவர்களிடம் மீனா அசலைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு நகலைத்தான் வாங்கி வைக்கிறாள். தாளாளர் அதற்குச் சம்மதம் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. எஸ்தர் டீச்சருக்குத் தர வேண்டிய அனுபவச் சான்றிதழை இன்னும் கொடுக்கவில்லை. அவர் இரண்டு கடிதம் தபாலில் அனுப்பியிருக்கிறார். விளாங்குடியில் வீட்டிலேயே பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். ஒச்சம்மாளை ஆபீசிலிருந்து எடுத்து வேனில் போட்டுவிட்டார்கள். காலையிலும் சாயங்காலமும் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள்.